ஒன்பது அங்குல நிலைப்படி

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் ராஜகோபுர நிலைப்படி வெளிப்பக்கம் ஒன்பது அங்குல உயரம், உட்பக்கம் ஐந்து அங்குலம். பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் பிரதோஷத்துக்கு அழைத்துப்போனதற்கு மறுநாள் காலை, டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். முந்தின நாள் மாலை அந்தப் படியின் முன் நாங்கள் நின்றதும், வழக்கம்போல நல்ல மனதோடு நான்கு பேர் ஓடிவந்தார்கள். "நாலு பேர் பிடிச்சா ஆச்சு, இதுக்குப் போய் யோசிக்கிறீங்களே!" ஒருவர் பிடித்த கைத்தாங்கி கழற்றி மாட்டும் வகை. தூக்கிய வேகத்தில் அது கையோடு வந்துவிட்டது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, பெரியம்மா கோபுரச் சுவரில் முழங்கையை ஊன்றித் தப்பித்தார். தரிசனம் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு வந்ததும், "இனிமே வேண்டாம்டா. நான் சாமி பார்க்கப் போனேனா, ஊரெல்லாம் என்னைப் பார்க்கப் போனேனா?" என்றார்.

கோயிலுக்குள் எல்லோரும் போக வழி செய்வது பற்றிப் பேச்சு எழுந்தால், அது சீக்கிரமே சாய்தளமா ஆகமமா என்ற வாக்குவாதமாகிவிடுகிறது. டேப்பை வைத்து அளந்தால் அந்த வாக்குவாதத்தில் பாதி காணாமல் போகும். பழைய கட்டடத்தில் ஓர் உயரம் சிற்பியின் நோக்கத்தால் வந்தது, இன்னொன்று பின்னாளில் யாரோ போட்ட தளத்தால் வந்தது. எது எது என்று பிரித்த பிறகுதான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பேச முடியும்.

முதலில் கணக்கு. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது அங்குலத்துக்கு ஓர் அடி. ஒன்பது அங்குலம் ஏற ஒன்பது அடி நீளம் வேண்டும். உள்ளே ஐந்து அங்குலம் இறங்க ஐந்தடி. ஏறியவுடன் இறங்கினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் இரு வேறு சரிவில் மாட்டிக்கொள்ளும். எனவே உச்சியில் ஐந்தடிச் சமதளம் தேவை. ஆக, ஒரு சாண் உயரம்கூட முழுதாக இல்லையென்று எல்லோரும் அலட்சியமாகச் சொல்லும் நிலைப்படிக்குப் பத்தொன்பது அடி நீள வழி வேண்டும். இந்தக் கணக்கைக் கேட்காமல்தான் பெரும்பாலான சாய்தளங்கள் போடப்படுகின்றன.

எங்கள் கோயிலில் ஓர் உபயதாரர் முதலில் செய்துகொடுத்தது நாலடி நீள இரும்புத் தகடு. நாலடியில் ஒன்பது அங்குலம் என்றால் ஒன்றுக்கு ஐந்துக்குச் சற்றுமேல்தான் சரிவு. அதில் ஆள் உட்கார்ந்த நாற்காலியை ஏற்றும்போது முன்னால் இருக்கும் சிறு சக்கரங்கள் தரையை விட்டு எழுந்துவிடும், தள்ளுகிறவர் தம் மார்பைக் கொடுத்துத் தாங்க வேண்டியிருக்கும். சரிவு தவறு என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டாம். தானே கையால் சக்கரத்தை உருட்டி வருகிறவர் அதில் ஏறவே முடியாது. இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம். இரண்டு மாதத்தில் அந்தத் தகடு மடைப்பள்ளியின் விறகுக் கட்டுகளுக்கு முட்டுக்கொடுக்கப் போய்விட்டது. "வச்சுப் பார்த்தோம், யாரும் வரலை" என்றார்கள்.

அடுத்ததாக ஊர்த் தச்சர் மரத்தில் செய்தார். நாலடி அகலம், மூன்று மூன்றடித் துண்டுகள், இரண்டு பேர் தூக்கக்கூடிய எடை. கோபுர வழியின் இருபுறமும் உள்ள திண்ணைகளில் வடக்குத் திண்ணையை ஒட்டி அது கிடக்கிறது, மீதி வழியில் மற்றவர்கள் படி தாண்டிப் போகிறார்கள். கல்லில் ஓர் ஆணியும் அடிக்கவில்லை. அடியில் ரப்பர் விரிப்பு, ஓரத்தில் சக்கரம் வழுவாமல் இரண்டங்குலச் சட்டம். பழைய கட்டடங்களைப் பேணுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி இதுதான்: நாளைக்கு எடுத்துவிட்டால் நேற்று இருந்தது அப்படியே இருக்க வேண்டும்.

பின்வாசல் வழியாக விட்டுவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. மடைப்பள்ளிப் பக்கம் ஒரு சமவாசல் இருக்கத்தான் செய்கிறது. லாரியில் வரும் அரிசி மூட்டைகள் அதன் வழியாகத்தான் போகின்றன. ஆனால் சிவன் கோயிலுக்குள் போவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கோபுரத்தைக் கும்பிட்டு, பிள்ளையாரைப் பார்த்து, பலிபீடம், கொடிமரம், நந்தி என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் சந்நிதி. கொடிமரத்துக்கு முன்புதான் விழுந்து வணங்குவோம். பக்கவாசலில் புகுந்தவருக்கு இதெல்லாம் தப்பிப்போகிறது. மரபைக் காக்க வேண்டும் என்பவர்தான் முன்வாசலில் சாய்தளம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவரே பின்வாசலைக் காட்டுகிறார்.

லண்டன் புனித பவுல் பேராலயத்தில் இதே கேள்வி நெடுங்காலம் இருந்தது. படியேற முடியாதவர்களுக்கு அங்கே தனி வழி ஒன்று இருந்தது. 2022இல் வடக்குப் பக்க வாசலுக்கு நிரந்தரச் சாய்தளம் அமைத்தார்கள். படியேறுகிறவரும் உருட்டி வருகிறவரும் ஒரே வாசலில் சேர்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'சம நுழைவு' என்ற பொருளில்தான்.

நிலைப்படி தாண்டியாகிவிட்டது. பிராகாரம் சமதளம். அடுத்தது மகாமண்டபம்: ஏழு ஏழு அங்குலமாக நான்கு படிகள், மொத்தம் இருபத்தெட்டு அங்குலம். அங்குலத்துக்கு அடி என்றால் இருபத்தெட்டடி, நடுவில் மூச்சுவிட ஐந்தடிச் சமதளம், மொத்தம் முப்பத்துமூன்றடி. முன்பக்கத்தில் இதைப் போட்டால் நந்தி மண்டபத்தை அணைத்துக்கொண்டு ஓடும். கொடிமரத்துக்கும் நந்திக்கும் இடையிலுள்ள திறந்தவெளியே போய்விடும். கோயில் அழகு என்பது சிற்பங்களில் மட்டும் இல்லை, இந்தக் காலி இடங்களிலும் இருக்கிறது.

இங்கே எங்களுக்குக் கைகொடுத்தது தெற்கு வாசல். கிழக்கு பார்த்த சிவன் கோயில்கள் பலவற்றில் மகாமண்டபத்துக்குத் தெற்கிலும் ஒரு வாசல் உண்டு. நந்தியைக் கும்பிட்டுவிட்டு வலம் வரத் தொடங்குகிறவர் முதலில் திரும்புவதும் தெற்கே. ஆக, முன்பக்கத்து வரிசை எதுவும் தப்பாமல், வலம் வரும் திசையும் மாறாமல் அந்த வாசலை அடையலாம். போதாக்குறைக்கு, எங்கள் கோயிலில் கருவறையும் அர்த்தமண்டபமும்தான் சோழர் காலத்துக் கட்டு. மகாமண்டபம் பிற்காலத்தது. அதன் பீடம் வெறுங்கல், எழுத்தோ சிற்பமோ இல்லை. கருவறைப் பக்கத்து அதிட்டானம் அப்படி இல்லை. ஜகதியிலும் குமுதத்திலும் வரிவரியாகக் கல்வெட்டு ஓடுகிறது. சாய்தளம் அந்தப் பக்கம் ஓர் அடிகூட நீளக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

வெறுங்கல் பீடம்தானே என்று அதை ஒட்டிக் கான்கிரீட் கொட்டுவதும் தவறு. சுவருக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் மழைநீரும் அபிஷேக நீரும் இறங்கித் தேங்கும். சிமெண்டில் உள்ள உப்பு அந்த ஈரத்தோடு கல் இணைப்புகளுக்குள் போய், காயும்போது படிகமாகி, சுண்ணாம்புச் சாந்தைப் பொடியாக்கும். கருங்கல் ஓரளவு தாங்கும், செங்கல்லும் சுதையும் தாங்காது. இணைப்புகளை ஒட்டி வெள்ளைப் பூப்பு படிந்திருந்தால் உள்ளே இது நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆகவே சாய்தளம் பீடத்திலிருந்து இரண்டடி தள்ளித் தனியாகத் தன் காலில் நிற்க வேண்டும். உச்சியில் மட்டும் ஒரு கல் பலகை பாலம்போல வாசலைத் தொட்டால் போதும். நடுவில் உள்ள சந்து வழியாகத் தண்ணீர் ஓடும், துடைப்பம் போகும், பீடத்தின் வடிவமும் கண்ணுக்குத் தெரியும்.

லிப்ட் வைத்தால் இத்தனை நீளம் வேண்டாமே என்று ஒரு பொறியாளர் நண்பர் கேட்டார். இருபத்தெட்டு அங்குலம் மட்டும் ஏறி இறங்கும் மேடை லிப்டுகள் கிடைக்கின்றன. இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும். ஆனால் திறந்தவெளியில், எண்ணெயும் நீரும் படும் இடத்தில், அதைப் பராமரிக்கத் தனி ஆள் இல்லாத கோயிலில் அது எத்தனை நாள் ஓடும் என்று யோசித்தோம். சாவி அலுவலகத்தில் இருக்கும், அலுவலகம் மதியம் பூட்டியிருக்கும். இடமே இல்லாத கோயிலுக்கு லிப்ட் சரி, எங்களுக்கு இடம் இருந்தது.

இனி, இந்த வழி எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வி. தமிழ்நாட்டுப் பெரிய சிவாலயங்களில் கருவறைக்குள் அர்ச்சகர் தவிர யாரும் போவதில்லை. ஆக, அங்கே சாய்தளம் வேண்டுமா என்ற கேள்வியே எழாது. போய்ச் சேர வேண்டியது ஓர் இடமல்ல, ஒரு பார்வை. நிற்கிறவருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கண் உயரத்தில் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி வித்தியாசம் இருக்கும். மகாமண்டபத்தில் பின்வரிசையில் நாற்காலியை நிறுத்தினால் அவருக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் இடுப்பும் உண்டியலும்தான். பெரியம்மாவை அன்று அப்படித்தான் நிறுத்தியிருந்தார்கள். நந்திக்கும் சுவாமிக்கும் குறுக்கே நிற்கக் கூடாது என்பதால் பக்தர்கள் எப்படியும் இரு பக்கமாக ஒதுங்கித்தான் நிற்கிறார்கள். தெற்குப் பக்க முன்வரிசையில் மூன்றடி அகலத்தை ஒதுக்கி, உண்டியலை நாலடி நகர்த்தினோம். லிங்கத்தின் மேல் விழும் விளக்கொளி உட்கார்ந்த கண்ணுக்கும் தெரிந்தது. மொத்தப் பணியில் செலவே இல்லாதது இது, பலன் அதிகம் தந்ததும் இதுதான்.

ஒரு சின்ன விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். போலியோவில் கால் மெலிந்தவர்கள் அணியும் காலிப்பர் பெரும்பாலும் பூட்ஸோடு சேர்த்துப் பொருத்தப்பட்டது. செருப்பைக் கழற்றச் சொல்வது அவர்களுக்குக் காலையே கழற்றச் சொல்வதுபோல. அதுபோலவே தெருவில் உருண்டுவந்த சக்கரம் பிராகாரத்தில் உருளலாமா என்ற கேள்வியும் நேர்மையாக எழுப்பப்படுவதுண்டு. இரண்டுக்கும் விடை எளிது. கோயிலுக்கென்றே ஒரு நாற்காலி, வெளியே போகாமல் உள்ளேயே இருக்கட்டும். பூட்ஸுக்கு மேலே மாட்டத் துவைத்த துணியுறை வாசலில் இருக்கட்டும். தம் நாற்காலியை விட்டு மாறிக்கொள்ள முடியாதவர் வந்தால் ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்தால் தீர்ந்தது. தூய்மை பற்றிய கவலையைக் கேலி செய்து ஒரு படிகூட முன்னேற முடியாது. துணியைக் கையில் எடுத்தால் முன்னேறலாம்.

தரையும் கவனிக்கப்பட வேண்டியது. இப்போதைய திருப்பணிகளில் பளபளவென்று மெருகேற்றிய கிரானைட் போடுவது வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விழுந்தால் ஊன்றுகோலின் ரப்பர் நுனி சறுக்கிக்கொண்டு ஓடும். பழைய சிற்பிகள் பொளிந்து விட்ட சொரசொரப்பான கல் அப்படிச் சறுக்காது. இந்த விஷயத்தில் மரபும் வசதியும் ஒரே பக்கம் நிற்கின்றன. எதிர்ப்பக்கம் நிற்பது நம் காலத்து ரசனை. வரிசைக்காக அமைத்த எவர்சில்வர் குழாய்த் தடுப்புகளும் அப்படித்தான். எங்கள் கோயிலில் அவற்றின் இடைவெளி இரண்டடிக்குக் கொஞ்சம் மேல், நாற்காலியோ அதைவிட அகலம். மூன்றடி இருந்தால் போதும். சோழர் காலத்துக் கல்லைத் தொடக்கூடாது என்று சொல்கிறவர்கள், சில ஆண்டுகளுக்கு முன் போட்ட குழாயையும் அதே பக்தியோடு காப்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

கல்லைத் தொட்டே ஆக வேண்டிய வேலைக்கும் மரபில் ஒரு காலம் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பது வழக்கம். அதற்கு முன் பாலாலயம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டுத்தான் திருப்பணி தொடங்குவார்கள். அப்போது படியைச் செப்பனிடலாம், தளத்தின் மட்டத்தைச் சரிசெய்யலாம். சாய்தளத்தையும் கைப்பிடியையும் அந்தத் திட்டத்திலேயே ஸ்தபதி வரைந்துவிட்டால் அது ஒட்டுப்போட்டதுபோல் இருக்காது. குடமுழுக்கு முடிந்து, சாரம் பிரித்து, உபயதாரர் கல்வெட்டும் பதித்த பிறகு ஞாபகம் வந்தால் இரும்புத் தகடுதான் மிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுக்கட்டடம் என்பதை வரையறுக்கும்போது சமயப் பணிகளுக்கான கட்டடங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக்கட்டடங்களை விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மாற்ற வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. விதிகள் 2017இல் வந்தன, ஐந்தாண்டு 2022இல் முடிந்தது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் சமய அமைப்புகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. இந்த இடத்தில் நம் சட்டம் துணிச்சலானது. ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் சிக்கல் கூடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் கட்டடம் தொல்லியல் துறையின் பொறுப்பு, பூஜை அரண்மனை தேவஸ்தானத்தின் பொறுப்பு. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு மரப்பலகை வைக்கவும் இரண்டு அலுவலகங்களின் தலையாட்டல் வேண்டியிருக்கும்.

பள்ளிவாசலில் போய்ச் சேர வேண்டியவை வேறு: தண்ணீரும் வரிசையும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய கல் பள்ளிவாசல்கள் திராவிடக் கட்டட மரபில் எழுந்தவை. எனவே உயர்ந்த பீடமும் படிகளும் கோயிலுக்குச் சொன்னது போலவேதான். புதிய கேள்வி ஒளு செய்யும் இடத்தில் தொடங்குகிறது. ஹவுள் கரையிலோ குழாய் வரிசையிலோ தாழ்வான கல்லில் குந்தி உட்கார்ந்துதான் கை, முகம், கால் கழுவ வேண்டும். முழங்கால் மடங்காதவருக்கு உள்ளே போகும் படியைவிட இந்தக் குந்தல்தான் பெரிய தடை. எல்லாக் குழாய்களையும் மாற்ற வேண்டியதில்லை. வரிசையின் கோடியில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒன்றரை அடி உயர இருக்கை, பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பி, கால் நீட்ட இடம், தண்ணீர் தேங்காத தரை என்று அமைத்தால் போதும். கோடியில் என்றால் நாற்காலி பக்கவாட்டில் வந்து நிற்கவும் இடமிருக்கும்.

தொழுகை வரிசை இன்னும் நுட்பமானது. தோளோடு தோள் சேர்ந்து நிற்பது ஜமாஅத்தின் அடிப்படை. முழுத் தொழுகையையும் உட்கார்ந்தே தொழுகிறவரின் இருக்கை வரிசையோடு ஒத்திருக்க வேண்டும், ஸுஜூதுக்கு மட்டும் உட்காருகிறவர் நிற்கும்போது பாதம் வரிசையில் இருக்க வேண்டும் என்று மார்க்க அறிஞர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். பாதத்தை வரிசையில் வைத்தால் நாற்காலியின் பின்பகுதி அடுத்த வரிசைக்காரர் நெற்றி வைக்கும் இடத்தில் நீளும். அதனால்தான் பல இடங்களில் நாற்காலிக்காரர்களைக் கடைசிச் சுவரோரம் தள்ளிவிடுகிறார்கள். முன்வரிசைகள் நிரம்பாத நேரத்தில் அவர்கள் ஜமாஅத்திலிருந்து துண்டாகத் தனித்து நிற்க நேர்கிறது. முதல் சில வரிசைகளின் வாசலோரக் கோடியை அவர்களுக்கு விட்டு, அதற்கு நேர் பின்னால் தொழுகை விரிப்பைக் கொஞ்சம் குறைத்தால் யார் நெற்றியும் இடிக்காது, வரிசையும் அறுபடாது. இதற்கு வேண்டியது கட்டட வேலை அல்ல, விரிப்பை மறுபடி அளந்து போடுவது.

தேவாலயத்தில் சிக்கல் பெஞ்சிலும் பீடத்திலும் இருக்கிறது. நாற்காலியில் வருபவரை நடைபாதையில் நிறுத்தினால் ஆராதனை முழுக்க அவர் வழிமறிப்பவராக உணர்வார். நடுவில் ஏதாவது இரண்டு பெஞ்சுகளை மூன்றடி குறுக்கினால் அவர் குடும்பத்தோடு ஒரே வரிசையில் இருக்கலாம். பழைய தேக்குப் பெஞ்சை அறுக்க மனம் வராவிட்டால், அதைப் பக்கச் சுவரோரம் வைத்துவிட்டு அந்த இடத்தில் குட்டை பெஞ்சு போடலாம். திருவிருந்தின்போது கிராதியருகே ஒரு படி ஏறி முழந்தாளிட முடியாதவர்களுக்காக ஆயர் இறங்கி வருவது பல சபைகளில் இருக்கிற வழக்கம்தான். நல்ல வழக்கம். ஆனால் அதே படி, வேதபாடம் வாசிக்க ஏற வேண்டியவரையும் தடுக்கிறது. அவரிடம் யாரும் இறங்கி வர முடியாது, வாசிப்பு மேசையைத்தான் கீழே இறக்க வேண்டும். வழிபட வருகிறவர் கேட்க மட்டுமே வருகிறார் என்று நினைத்து வரைந்த திட்டங்களில் இந்தப் படி கண்ணுக்கே படுவதில்லை.

எங்கள் கோயிலில் மரச் சாய்தளத்துக்கு இப்போது ஒரே ஒரு பிரச்சினைதான் பாக்கி. சுவாமி புறப்பாட்டு நாட்களில் அதை எடுத்துவிட வேண்டும். தோளில் வாகனத்தைச் சுமந்து வரும் ஸ்ரீபாதம்தாங்கிகளின் கால் அந்த நிலைப்படிக்குப் பழகியது. பாதி வழியில் பலகை கிடந்தால் தண்டு ஒரு பக்கம் தாழும். எடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, எங்களுக்கும் இல்லை. மறுநாள் காலை அதை யார் திரும்பப் போடுவது என்பதுதான் கேள்வி. போன ஆண்டு பங்குனி உத்திரத்துக்கு எடுத்தது, சித்திரை பாதி வரை வாகன மண்டபத்தில் ரிஷப வாகனத்துக்குப் பின்னால் சாத்திக் கிடந்தது. கேட்டால் காவலாளி அர்ச்சகரைக் காட்டினார், அர்ச்சகர் மெய்க்காவலைக் காட்டினார். இப்போது நடை திறந்ததும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், கோபுர வாசல் கூட்டுவதற்கும் கோலம் போடுவதற்கும் நடுவில் அதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். போன பிரதோஷத்துக்கு நாலரை மணிக்கே போய்விட்டோம். பலகை போட்டிருந்தது. தள்ளியது என் மகள், வயது பதினாறு. பெரியம்மா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே உள்ளே போனார். திண்ணையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தவில்லை.